டிபி மாறிய அன்று எழுதும் ஒரு வரி

முகப்புப் படத்துக்குக் கீழே எழுதும் வரிக்கு வேறெந்தப் படத்தின் கேப்ஷனுக்கும் இல்லாத ஒரு நெருக்கடி உண்டு. சுற்றுலா போன படத்தில் படமே செய்தி. முகப்புப் படத்தில், அது மாறியதே செய்தி. பேஸ்புக்கில் டிபியை மாற்றியதும், இன்னார் தன் படத்தை மாற்றியிருக்கிறார் என்று தளமே ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறது. நீங்கள் ஒரு வார்த்தை எழுதும் முன்பே பார்ப்பவர் மனதில் 'ஏன் இப்போது?' என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்கு முழுப் பதில் சொல்லவும் கூடாது, எதையோ மூடி மறைப்பது போலவும் இருக்கக் கூடாது. வாழ்க்கையில் ஒரு புதிய கட்டம் தொடங்கியதை வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பாக மட்டும் காட்டும் அந்த ஒரு வரியை எப்படி அமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், குறிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வாழ்க்கையில் ஒரு மாற்றம் நடந்தால் அதில் ஐந்து விஷயங்கள் இருக்கும்: எது முடிந்தது, எது தொடங்கியது, எப்போது, எங்கே, யாரோடு. இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் திறந்து, மற்ற நான்கையும் மூடி வைப்பதுதான் குறிப்பு. ஐந்தையும் மூடிவிட்டு 'ஏதோ நடக்கிறது' என்று மட்டும் சொன்னால் அது புதிர். புதிரைப் பார்த்தவர்கள் சும்மா போக மாட்டார்கள், 'என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். இரண்டைத் திறந்தாலும் சிக்கல்தான். எது முடிந்தது, எப்போது என்ற இரண்டும் தெரிந்தால் மீதி மூன்றையும் பாதிப் பேர் தாங்களாகவே ஊகித்துவிடுவார்கள், அதில் பாதி தப்பாகவும் இருக்கும்.

எந்த ஒன்றைத் திறப்பது? என் கணிப்பில், முடிந்ததைத் திறப்பது எப்போதுமே மோசமான தேர்வு. 'முடிந்தது' என்று ஒரு சொல் விழுந்தவுடன் வாசகர் பின்னால் திரும்பிப் பார்க்கிறார், பழைய படங்களைத் தேடிப் போகிறார். தொடங்கியதன் மிகச் சிறிய ஒரு ஓரத்தைக் காட்டுவதே பாதுகாப்பு. புதிய வேலையைச் சொல்லாமல் அந்த வேலையால் மாறிய காலை நேரத்தைச் சொல்லலாம். புதிய ஊரின் பெயரைச் சொல்லாமல் அங்கே ஜன்னலுக்கு வெளியே கேட்கிற சத்தத்தைச் சொல்லலாம்.

இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கு என்று தனியாக ஒரு கவனம் வேண்டும். நம் மொழியில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது சுலபம். 'நான்' என்றும் 'நாங்கள்' என்றும் எழுதாமலே ஒரு பத்தி முழுக்க எழுதிவிடலாம். ஆனால் வினைமுற்று ரகசியம் காக்காது. 'புது இடத்துக்குப் பழகுகிறேன்' என்று எழுதினால் ஒருவர். 'பழகுகிறோம்' என்று எழுதினால் இருவர். திருமணம் உறுதியாகி இன்னும் வெளியே சொல்லாத ஒருவர், கைப்பழக்கத்தில் ஒரே ஒரு 'ஓம்' விகுதியைப் போட்டுவிட்டால் போதும், கமெண்டில் முதல் கேள்வியே 'யாருப்பா அந்த இன்னொருத்தர்?' என்றுதான் வரும். எதிர்த்திசையிலும் இது நடக்கும். பல வருடம் 'போகிறோம், வருகிறோம்' என்றே எழுதிக்கொண்டிருந்த தம்பதியரில் ஒருவர் திடீரென்று 'போகிறேன்' என்று எழுதினால், நெருங்கியவர்கள் அந்த விகுதி மாற்றத்தைக் கவனிக்காமல் விட மாட்டார்கள்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஆள் காட்டாத வடிவத்தில் எழுதுவது. 'பழக வேண்டும்', 'பழகணும்', 'பழகக் கொஞ்ச நாள் ஆகும்' இவற்றில் ஒருவரா இருவரா என்று தெரியாது. இவை இயல்பான தமிழும்கூட, எதையோ தவிர்க்க எழுதியது போல ஒலிக்காது. யாரோடு என்பதை மூடி வைக்க நினைப்பவர்கள் வரியை எழுதி முடித்ததும் வினைகளை மட்டும் தனியே பார்த்து, 'ஏன்', 'ஓம்' என்ற இரண்டு விகுதிகளையும் தேடிப் பார்ப்பது நல்லது.

வினையைவிடச் சின்னதாக இருந்துகொண்டு அதிகம் காட்டிக்கொடுப்பவை இடைச்சொற்களும் அவை போன்ற சிறு சொற்களும். 'நானும் கிளம்பிவிட்டேன்' என்பதில் உள்ள 'உம்', முன்னால் வேறு யாரோ கிளம்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறது. ஏற்கெனவே ஒரு நண்பர் வெளிநாடு போயிருந்தால் நீங்களும் போகிறீர்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 'இந்த வருடமாவது' என்று தொடங்கினால் போன வருடங்கள் சரியில்லை என்று அர்த்தம். 'ஒருவழியாக' என்றால் நீண்ட காலம் காத்திருந்து கிடைத்தது. பல வருட முயற்சிக்குப் பிறகு குழந்தையை எதிர்பார்க்கும் தம்பதி இந்தச் சொல்லைப் போட்டால் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. 'மீண்டும்' என்றால் நடுவில் ஒரு நிறுத்தம் இருந்தது, உடம்பு சரியில்லாமல் இருந்தவர் அதை எழுதினால் நோயின் கதை முழுக்கக் கமெண்டில் வந்து நிற்கும். 'இனி' என்ற சொல் ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பக்கம் என்ன இருந்தது என்றுதான் கண் போகும்.

இந்தச் சொற்களைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. எந்தச் சொல் எந்தக் கதவைத் திறக்கிறது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். திறக்க நினைத்த ஒரே விஷயம் அதுவாக இருந்தால் 'ஒருவழியாக' என்ற ஒற்றைச் சொல்லே அழகான கேப்ஷன்.

வரியின் முடிவில் வைக்கும் மூன்று புள்ளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுதுபவர் அதை மர்மம் என்று நினைத்து வைக்கிறார். படிப்பவர் அதைப் பெருமூச்சாக எடுத்துக்கொள்கிறார். 'புதிய தொடக்கம்' என்று எழுதினால் வாழ்த்துகள் வரும். அதன் பின்னால் மூன்று புள்ளி வைத்தால் ஆறுதல் வரும். சந்தோஷமான மாற்றமாக இருந்தால் முற்றுப்புள்ளி வைத்து முடிப்பதே நல்லது. எமோஜியும் அப்படித்தான். விமானமும் பெட்டியும் போட்டால் இடம் தெரிந்துவிட்டது, மோதிரம் போட்டால் யாரோடு என்பது பாதி தெரிந்துவிட்டது, கைகூப்பும் படத்தைப் போட்டால் விடைபெறுவது போலவோ ஏதோ ஆபத்திலிருந்து தப்பியது போலவோ இருக்கும். சொல்லில் மூடியதை எமோஜியில் திறந்துவிடுகிறவர்கள் நிறைய.

நீளம் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீளமான கேப்ஷனைத் தளங்கள் நடுவில் வெட்டி 'மேலும்' என்று ஒரு இணைப்பைப் போட்டுவிடும், அறிவிப்பில் முதல் சில சொற்கள்தான் தெரியும். தமிழில் வினையும் எதிர்மறையும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. 'வேலையை விட்டுவிட்டேன், ஊரை விட்டுப் போகிறேன் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம்' என்ற வாக்கியம் பாதியில் வெட்டப்பட்டால், வேலையை விட்டுவிட்டேன் என்ற செய்திதான் பலருக்குப் போய்ச் சேரும். ஆகவே எதையும் மறுத்து எழுதாதீர்கள். மறுப்பதற்காக எடுத்துச் சொல்லும் விஷயமே முதலில் நிற்கும்.

படத்துக்கு வருவோம். கேப்ஷனில் எவ்வளவு அடக்கமாக எழுதினாலும் படம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பயனில்லை. பெரும்பாலான தளங்களில் டிபி வட்டமாகத் தெரிகிறது. சதுரத்துக்குள் அதன் பக்கங்களைத் தொடும்படி ஒரு வட்டம் வரைந்தால் பரப்பில் சுமார் 78.5 சதவீதம்தான் உள்ளே வரும், மீதி 21.5 சதவீதம் நான்கு மூலைகளில் வெளியே போய்விடும். வெட்டும்போது வட்டத்தை மட்டும் பார்த்து 'அந்த ஐடி கார்டு தெரியவில்லை, சரி' என்று விட்டுவிடுகிறோம். படத்தைத் தட்டித் திறப்பவர்களுக்குப் பல தளங்களில் மூலைகளும் சேர்ந்து தெரியும். கதவுப் பலகையில் நிறுவனத்தின் பெயர், மேசை மேல் கிடக்கும் கடித உறை, கண்ணாடியில் விழும் இன்னொருவரின் பிம்பம், மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை என எல்லாமே மூலையில்தான் இருக்கும். பதிவேற்றும் முன்பே போனில் சதுரமாக வெட்டிச் சேமித்து, அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையையும் பார்த்துவிடுவது நல்லது. வட்டத்தை நம்ப வேண்டாம்.

படமும் வரியும் ஒரே விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பது இன்னொன்று. படத்தில் கடல் தெரிகிறது, கேப்ஷனில் 'கடலோரம்' என்று இருந்தால் குறிப்பு எதுவும் இல்லை. படம் ஒன்றைக் காட்ட, வரி அதன் பக்கத்தில் இருக்கும் வேறொன்றைச் சொல்ல, இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் குறிப்பு இருக்கிறது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாகப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டார். நர்சிங் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் வேலை வாய்மொழியாக உறுதியாகியிருக்கிறது, ஆனால் நியமனக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. பழைய இடத்திலிருந்து ரிலீவிங் லெட்டரும் வரவில்லை. வேலையை விட்டது கூட இருந்தவர்களுக்குத் தெரியும், எங்கே போகிறார் என்று தெரியாது. பழைய டிபியில் சீருடையில் இருக்கிறார். புதிய படம் காலை வெயிலில், சாதாரண உடையில், வீட்டு மாடியில் எடுத்தது. சீருடை காணாமல் போனதே பெரிய செய்தி, எனவே படம் ஏற்கெனவே ஒன்றைத் திறந்துவிட்டது. கேப்ஷன் இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் கைக்கு வருவது: 'ஒரு அத்தியாயம் முடிந்தது. புதிய பயணம் ஆரம்பம்.' இது திருமணத்துக்கும் பொருந்தும், மணமுறிவுக்கும் பொருந்தும், ஓய்வுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதை நிரப்பிக்கொள்வார். அடுத்து வருவது, ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கும் என்கிற மாதிரி ஒரு வாசகம். இது இன்னும் மோசம். கதவை யாரோ இவர் முகத்தில் மூடியதாக, அதாவது வேலையிலிருந்து அனுப்பிவிட்டதாக ஆகிவிடும். ரிலீவிங் லெட்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் அப்படி ஒரு பேச்சு நிர்வாகத்தின் காதுக்குப் போவது நல்லதல்ல.

மூன்றாவது: 'இனி இரவு ஷிப்ட் கிடையாது!' இதில் உண்மை இருக்கிறது, உயிரும் இருக்கிறது. ஆனால் 'இனி' கோடு போடுகிறது, ஆச்சரியக்குறி விடுதலைக் களிப்பாக ஒலிக்கிறது. இன்னும் அதே வார்டில் இரவு முழுக்க நிற்கும் தோழிகள் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும்.

நான்காவது, இதே உண்மையை வேறு பக்கத்திலிருந்து எடுக்கிறது: 'ரொம்ப நாளைக்குப் பிறகு காலை வெயில்.' கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் 'ரொம்ப நாளைக்குப் பிறகு' என்பது சிறையிலிருந்தோ படுக்கையிலிருந்தோ எழுந்து வந்தது போல இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் இருந்தாரோ என்று தூரத்து உறவினர் ஒருவராவது போன் செய்வார்.

இதில் கடந்த காலத்தை எடுத்துவிட்டு, இப்போது நடந்துகொண்டிருப்பதை மட்டும் வைத்தால்: 'காலை எட்டு மணி வெயில். பழகிக்கொண்டிருக்கிறேன்.'

இது நிற்கும். தெரியாதவர் படித்தால் வெயிலைப் பற்றிய வரி. கூட வேலை பார்த்தவர் படித்தால், எட்டு மணிக்கு ஷிப்ட் முடித்துத் தூங்கப் போகிறவர் இப்போது அந்த நேரத்தில் விழித்து நிற்கிறார் என்று புரியும், சிரிப்பு வரும். எங்கே, எப்போது, எதற்கு என எதுவும் வெளியே வரவில்லை. 'பழகிக்கொண்டிருக்கிறேன்' என்ற தொடர் நிகழ்கால வினை முக்கியம். மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது, முடிந்ததையும் வரப்போவதையும் தொடவில்லை. புதிய கட்டத்தைக் குறிக்க இந்த வினை வடிவத்தைவிடப் பொருத்தமானது தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. கல்லூரி வேலை கடைசி நேரத்தில் தள்ளிப்போனாலும், வராமலே போனாலும், இந்த வரி பொய்யாகாது.

இன்னொரு சோதனையும் உண்டு, அதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். கேப்ஷனைப் படித்தவருக்கு இயல்பாக எழும் முதல் கேள்வி எது, அதற்கு உண்மையான, ஆபத்தில்லாத பதில் உங்களிடம் இருக்கிறதா? 'புதிய பயணம் ஆரம்பம்' என்றால் முதல் கேள்வி 'எங்கே பயணம்?' பதில் சொல்ல முடியாது. மழுப்ப வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். 'காலை எட்டு மணி வெயில்' என்றால் முதல் கேள்வி 'எங்கே எடுத்தது?' அதற்கு 'வீட்டு மாடியில்தான்' என்று நிம்மதியாகப் பதில் சொல்லலாம். கேட்டவருக்கும் பதில் கிடைத்த திருப்தி. கேள்விக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டால் பலர் அதோடு திரும்பிவிடுவார்கள்.

கேப்ஷனுக்குச் செலவழித்த கவனத்தை முதல் கமெண்ட் ஒரு நொடியில் வீணாக்கிவிடலாம். விஷயம் தெரிந்த நண்பர்தான் பெரும்பாலும் முதலில் வருவார், சந்தோஷத்தில் 'வாழ்த்துகள்டி, எப்போ ஜாயின் பண்ற?' என்று எழுதிவிடுவார். அதற்குப் பிறகு வருபவர்கள் கேப்ஷனைப் படிப்பதில்லை, அந்தக் கமெண்டைத்தான் படிக்கிறார்கள். ஆகவே படத்தை மாற்றும் முன், விஷயம் தெரிந்த நாலைந்து பேருக்கு ஒரு தகவல் அனுப்பிவிட வேண்டும்: 'டிபி மாத்தப் போறேன். வேலை விஷயம் யாருக்கும் இன்னும் சொல்லல. கமெண்ட்ல அதைப் பத்தி எதுவும் போட்டுடாதே, படத்தைப் பத்தி மட்டும் சொல்லு.' கடைசிச் சொற்றொடர் அவசியம். என்ன எழுதக் கூடாது என்று மட்டும் சொன்னால் அவர்கள் 'ஓஹோ, தெரியும் தெரியும்' என்று கண்ணடித்து எழுதுவார்கள். அது இன்னும் ஆபத்து.

அப்படியும் யாராவது போட்டுவிட்டால் அந்தக் கமெண்டை அழித்துவிட்டு, உடனே அவருக்குத் தனியாகக் காரணம் சொல்லிவிடுங்கள். பேஸ்புக்கில் கமெண்டை மறைக்கவும் வழி இருக்கிறது, ஆனால் மறைத்தால் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டுதான் இருக்கும். இருவருக்கும் பொதுவான நண்பர்கள் இருக்கும் இடத்தில் மறைத்துப் பயனில்லை. கமெண்டை முழுவதுமாகப் பூட்டுவதும் வேண்டாம். பூட்டிய கதவே ஒரு செய்தி.

நேரடியாகச் சொல்ல வேண்டியவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் டிபியைத் தொட வேண்டும். பெற்றோர், துணை, மேலாளர், நெருங்கிய நண்பர் என்று யாரெல்லாம் 'எனக்கு இதிலிருந்துதானா தெரிய வேண்டும்?' என்று கேட்கக்கூடியவர்களோ அவர்கள் எல்லோருக்கும். குறிப்பு என்பது தள்ளி நிற்பவர்களுக்கு. பக்கத்தில் நிற்பவருக்குக் குறிப்பு கொடுத்தால் அது அவமதிப்பாகப் படும்.

வாட்ஸப்பில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே டிபி மாறியதை யாருக்கும் தளம் அறிவிப்பதில்லை, படத்தோடு ஒட்டிய கேப்ஷனும் இல்லை. சுயவிவரத்தில் ஒரு சின்ன வரி இருக்கும், அல்லது 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸ். அந்தச் சுயவிவர வரியை யார் பார்க்கலாம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், எனவே சற்று நெருக்கமான வரியை அங்கே வைக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பழைய படத்தை எடுத்துவிட்டு, புதியதைப் பிறகு வைக்கலாம் என்று வெறுமையாக விட்டுவிடாதீர்கள். டிபி காணவில்லை என்றால் தன்னை பிளாக் செய்துவிட்டாரோ என்று சிலரும், வீட்டில் ஏதோ துக்கம் என்று சிலரும் நினைப்பார்கள். புதிய படம் தயாரான பிறகே பழையதை மாற்றுங்கள், நடுவில் இடைவெளி வேண்டாம்.

எந்தக் கேப்ஷனாலும் சமாளிக்க முடியாத ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. பழைய டிபியில் இரண்டு பேர், புதிய டிபியில் ஒருவர். உறவு முறிந்த நிலையில் இந்த மாற்றம் வந்தால் படமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, கீழே எழுதும் எந்த வரியும் விளக்கமாகவோ குத்தலாகவோதான் படிக்கப்படும். 'என்னைத் தேடிக்கொண்டேன்' என்று எழுதினால் மற்றவர் உங்களைத் தொலைத்தவர் ஆகிறார். இதற்கு நடுவில் ஒரு படி வைப்பதே சரி. முதலில் ஆள் இல்லாத ஒரு படம், மரமோ வானமோ வளர்க்கும் நாயோ, கேப்ஷன் இல்லாமல். பேஸ்புக்கில் படத்தை மாற்றும் திரையில், இதை மற்றவர்களின் ஃபீடில் பகிர்வதற்கான தேர்வு இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். சில வாரம் அந்தப் படமே இருக்கட்டும். அதன் பிறகு உங்கள் தனிப் படத்தை வைத்தால், அது மரத்துக்குப் பதிலாக வந்த படம், இன்னொரு மனிதருக்குப் பதிலாக வந்ததல்ல. அப்போது ஒரு சின்ன வரியும் எழுதலாம். பழைய டிபிக்கள் பேஸ்புக் ஆல்பத்தில் அப்படியே இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவற்றை அழிக்க மனம் இல்லாவிட்டால், ஒவ்வொன்றையும் யார் பார்க்கலாம் என்பதை 'நான் மட்டும்' என்று மாற்றிவைக்கலாம்.

முழு விஷயத்தையும் சொல்லும் நாள் வரும்போது பழைய கேப்ஷனைத் திருத்தி அதிலேயே எழுத வேண்டாம். பேஸ்புக்கில் பதிவைத் திருத்தினால் திருத்த வரலாறு மற்றவர்களுக்கும் தெரியும், இன்ஸ்டாகிராமில் திருத்தப்பட்டது என்று காட்டும். நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு அந்த நர்ஸ் தனியாக ஒரு பதிவு போடட்டும், கல்லூரியின் பெயரோடு, சேரும் தேதியோடு, பழைய வார்டுத் தோழிகளுக்கு நன்றியோடு. எட்டு மணி வெயில் வரி டிபிக்குக் கீழே எழுதியபடியே இருக்கட்டும்.